ஏழு மணிக்கு வாசிக்க வேண்டிய வருத்தம்

டிவி பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பிடிக்காத நிகழ்ச்சி வந்தால் ரிமோட்டைத் தேடுகிறவர்கள் ஒரு ரகம், பேனாவைத் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தாரின் புண்ணியத்தில்தான் ஒளிபரப்பு ஆணையத்தின் மூன்றாம் மாடியில் ஏழெட்டுக் குடும்பங்களுக்குச் சோறு நடந்தது. அதில் ஒன்று இவளுடையது. விசாரணை அதிகாரி என்று கதவில் பலகை. வீட்டுக்காரர் வைத்த பெயர் என்னவோ புகார்ப்பெட்டி.

வருகிற புகாரெல்லாம் நாட்டைக் காப்பாற்ற வருவதாக நினைத்துவிடக் கூடாது. மழை இல்லை என்று வானிலைக்காரர் சொன்னதை நம்பித் துணி உலர்த்தியவர் நஷ்ட ஈடு கேட்பார். சீரியல் மாமியார் காப்பியில் விஷம் கலப்பதைப் பார்த்துவிட்டுத் தன் மருமகள் தன்னை ஒரு மாதிரி பார்ப்பதாக ஒரு அம்மாள் எழுதுவார். பாட்டுப் போட்டி நடுவர் ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்று இருநூறு பேர் ஒரே வாசகத்தை, ஒரே எழுத்துப்பிழையோடு அனுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் எண் போட்டு, எல்லாவற்றையும் படித்து, எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும். இருநூறு பேர் சேர்ந்து கூச்சல் போட்டாலும் கேள்வி ஒன்றுதான்: விதி மீறப்பட்டதா? ஒரே ஒருத்தி எழுதினாலும் அதே கேள்விதான். பெரும்பாலும் மீறப்பட்டிருக்காது. 'தங்கள் கருத்தைச் சேனலுக்குத் தெரிவித்துள்ளோம், நன்றி' என்று முடித்துவிடலாம்.

அவளுடைய மாமனாரே ஒரு முறை புகார் அனுப்பியிருக்கிறார். விளம்பரம் வந்தால் சத்தம் கூடிவிடுகிறதாம். சொந்தக்காரர் புகாரை இவள் தொடக் கூடாது என்பதால் எழுத்தில் சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜைக்குத் தள்ளினாள். பக்கத்து மேஜைப் பெண் சேனலிடம் பதிவைக் கேட்டு வாங்கி, சத்தத்தை அளந்து பார்த்து, வரம்புக்குள்தான் இருக்கிறது என்று புகாரை நிராகரித்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் மாமனார் மருமகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "வீட்லயே நீதி கெடைக்கல, நாட்ல எங்க கெடைக்கப்போகுது" என்று அவர் காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கூட்டத்தில்தான் தையல்காரம்மாவின் புகாரும் வந்தது. கோடு போட்ட தாளில், கட்டையான எழுத்தில், ஒரே பக்கம்.

'வாங்க, கடைக்குப் போவோம்' என்று ஒரு சேனலில் மாலை ஏழு மணி நிகழ்ச்சி. சிரித்த முகமாக ஒரு தொகுப்பாளினி மைக்கோடு தெருத்தெருவாகச் சின்னக் கடைகளுக்குள் நுழைவாள். அப்படி ஒரு தையல் கடைக்குள்ளும் நுழைந்தாள். தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்த துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டு "போடாதீங்க, டிவியில எல்லாம் போடாதீங்க" என்றாள். "அய்யோ, அக்காவுக்கு வெக்கம்!" என்றாள் தொகுப்பாளினி. கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. போட மாட்டோம் என்று யாரோ தலையாட்டினார்கள். நான்காம் நாள் போட்டார்கள். மூடுவதற்கு முந்தின முகமும், கடைப் பலகையும், தெரு முனையும் எல்லாமே வந்தன.

தையல்காரம்மாவுக்கு அது வெட்கம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், விலா எலும்பு ஒன்று ஒடிந்த நிலையில், புருஷனிடமிருந்து ஓடி வந்தவள் அவள். எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் விடுகிற ஆளும் இல்லை. நீதிமன்றம் கொடுத்த தடை உத்தரவின் நகலைப் புகாரோடு குத்தூசியால் குத்தி வைத்திருந்தாள்.

முறைப்படி முதலில் சேனலுக்குத்தான் எழுதினாள். பொது இடத்தில் படம் பிடிக்கத் தடையில்லை, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று மூன்று வரி வந்தது. அது பிடிக்காமல்தான் ஆணையத்துக்கு வந்தாள். அந்தரங்கம் மீறப்பட்டது என்ற புகாரைப் பாதிக்கப்பட்டவரே கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். இவள் எடுத்துக்கொண்டாள். ஒளிபரப்பான பதிவோடு நிற்காமல், வெட்டுவதற்கு முந்தைய முழுப் பதிவையும் சேனலிடம் கேட்டு வாங்கினாள். அதில்தான் "போடாதீங்க" தெளிவாகக் கேட்டது. சேனலின் விளக்கம், இவளுடைய முதற்கட்டக் கருத்து, அதன் மேல் இரு தரப்பின் பதில், பிறகு மூன்று பேர் கொண்ட தீர்ப்புக் குழு. எல்லாம் ஆற அமர எட்டு மாதம் நடந்தது. தெருவில் கடை வைத்திருப்பதால் ஒருத்தியின் முகம் பொதுச் சொத்தாகிவிடாது என்று இவள் எழுதிய வரியைக் குழு மாற்றாமல் எடுத்துக்கொண்டது.

புகார் ஏற்கப்பட்டது. இனி மறுஒளிபரப்புக் கூடாது, சேனல் தன் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், தீர்ப்பின் சுருக்கத்தை அதே ஏழு மணிக்குக் கருத்து எதுவும் சேர்க்காமல் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. அபராதம் வரை போகவில்லை. தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்குத்தான் அபராதம். அதற்கும் மேலே உரிமக் காலத்தைக் குறைப்பது, உரிமத்தையே பறிப்பது எல்லாம் இருக்கிறது, ஆனால் அவை ஊரே பார்க்கும் அளவுக்குப் பெரிய தப்புகளுக்கு. தையல்காரம்மாவுக்கு ஒரு காசும் வராது. அந்த அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. ஆனாலும் இப்படி ஒரு புகார் ஜெயிப்பது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத பெருமை.

வாசிக்கும் நாள் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், சேனலின் விதிமுறை மேலாளர், முன்கூட்டியே பதிவு செய்த சுருக்கத்தை ஒரு மரியாதைக்கு அனுப்பி வைத்தார். விதி விதி என்றே பேசுவதால் சேனலிலும் ஆணையத்திலும் அவருக்கு ரூல்ஸ் மாமா என்று பெயர். நல்ல மனிதர். போன வருஷம் ஒரு பதிவை உரிய காலத்தில் கொடுக்காமல் அவர் சேனல் அபராதம் கட்டியதிலிருந்து, ஆணையத்திலிருந்து கொசு பறந்து வந்தாலும் எழுந்து நின்று விடுவார்.

அவள் ஹெட்போன் மாட்டாமலே ஓட விட்டாள். நிதானமான ஆண் குரல். இன்ன தேதியில் எங்கள் 'வாங்க, கடைக்குப் போவோம்' நிகழ்ச்சியில், தையல் கடை நடத்தும் ஒரு பெண்ணை அவர் மறுத்தும் காட்டியது அவருடைய அந்தரங்கத்தை மீறிய செயல் என்று ஆணையம் முடிவு செய்துள்ளது. பெயர் இல்லை, ஊர் இல்லை. தேதி, நிகழ்ச்சியின் பெயர், தப்பு என்ன என்பது. சுருக்கம் என்றால் இதுதான் இருக்கும், காலங்காலமாக இப்படித்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

பக்கத்து மேஜைப் பெண் தலையை நீட்டினாள். "யாருக்கா அந்தத் தையல்காரம்மா? அப்படி என்ன காட்டிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே தன் கணினியில் நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் தட்டினாள். வம்பு இல்லை, சும்மா ஒரு ஆர்வம். யாருக்கும் வருகிற ஆர்வம்.

முதல் வரிசையிலேயே வந்துவிட்டது. சேனல் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தது. இது எவனோ ஒருவன், டிவியிலிருந்து எடுத்துத் தன் கணக்கில் ஏற்றி வைத்திருந்த நகல். அந்த ஆளின் மேல் ஆணையத்துக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. படத்தின் முகப்பில், நூலைப் பல்லால் கடித்தபடி, நிமிர்ந்து பார்க்கிற தையல்காரம்மா. தலைக்கு மேலே பலகை. பலகையில் தெருப் பெயர்.

"இவங்கதானா?" என்றாள் பக்கத்து மேஜைப் பெண்.

நிகழ்ச்சி வந்த அன்றைக்கு ஏழு மணிக்கு அந்தப் புருஷன் டிவி பார்க்கவில்லை. எட்டு மாதமாக அவன் வரவில்லை என்றால் அதுதான் அர்த்தம். ஓடிப் போன பெண்டாட்டி தையல் தெரிந்தவள் என்பது அவனுக்குத் தெரியாதா? இன்றைக்கு அவனோ, அவன் அண்ணனோ, எதிர்வீட்டுக்காரனோ பார்த்துவிட்டால் போதும். தையல் கடை, முகத்தைக் காட்ட மறுத்த பெண், இன்ன நிகழ்ச்சி, இன்ன தேதி. ஆணையமே விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் விட்டுவிடும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். இங்கே கிணற்றை வெட்டியவள் இவள்தான்.

பிரிவுத் தலைவரின் அறைக்கு ஓடினாள். அவர் எதற்கும் "நிதானமா" என்று ஆரம்பிப்பவர்.

"நிதானமா சொல்லும்மா."

நிதானமில்லாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"தீர்ப்பு குழுவோடது. வாசகமும் குழு ஒத்துக்கிட்டது. நீங்களோ நானோ ஒரு வார்த்தை மாத்த முடியாது. கடைசி நேரத்துல மாத்தினோம்னா, ஆணையத்துக்கே தான் சொன்னதுல நம்பிக்கை இல்லன்னு சேனல் கோர்ட்டுக்குப் போவான். மொத்தத் தீர்ப்பும் போயிடும். அப்ப அந்தம்மாவுக்கு என்ன மிச்சம்?"

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"சார், அந்தாளு வந்து நின்னா என்ன மிச்சம்?"

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றிவிட்டுக் கேட்டார்: "அந்தம்மா என்ன சொல்றாங்க? சுருக்கத்தைப் படிச்சாங்கள்ல?"

"நாம அவங்களுக்குக் காட்டல சார். சுருக்கத்தைச் சேனலுக்கு மட்டும்தான் அனுப்புவோம். வாசிக்கப் போறது அவங்கதானேன்னு."

முழுத் தீர்ப்பையும் தையல்காரம்மாவுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த அரை நிமிட வாசகத்தை யாரும் அனுப்பவில்லை. வாசிக்கிறவனுக்குக் காட்டி, வாசிக்கப்படுகிறவளுக்குக் காட்டாமல் விடுவது இத்தனை வருஷ வழக்கம். அதில் ஒரு கோணல் இருப்பதாக இந்த மாடியில் யாருக்கும் இன்று வரை தோன்றியதில்லை, அவளுக்கும் சேர்த்துத்தான்.

தலைவர் போனைக் கையில் எடுத்தார். "புகார் கொடுத்தவங்களே எழுத்துல கேட்டா விஷயம் வேற. அவங்க பாதுகாப்புக்காக வாசகத்தை மாத்தக் குழுத் தலைவிக்கு அதிகாரம் இருக்கு. நான் அவங்களைப் பிடிச்சு வைக்கிறேன். நீங்க அந்தம்மாகிட்ட வாங்குங்க. அப்புறம் எழுத்துல உத்தரவு. வாய் வார்த்தை உதவாது."

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஆணையத்து எண் வெளியே தெரியாது, எண் தெரியாத அழைப்பைத் தையல்காரம்மா எடுக்க மாட்டாள். எடுக்காமலிருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அவளுக்கே தெரியும். புகார்தாரரை நேரில் போய்ப் பார்ப்பது வழக்கமே இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டாக்சியில் உட்கார்ந்து ரூல்ஸ் மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா... சார், இன்னிக்கு வாசிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா?"

"என்னம்மா வெளையாடறீங்க? நிறுத்துன்னா நிறுத்த, போடுன்னா போட, இது என் வீட்டு ரேடியோவா? இன்னிக்கு ஏழு மணின்னு உங்க உத்தரவு என் மேஜையில இருக்கு. வாசிக்கலன்னா உரிம நிபந்தனையை மீறினதா ஆயிடும். ஒரு தடவை பட்டதே போதும்."

"மாத்தின வாசகம் அனுப்புவேன் சார்."

"எழுத்துல உத்தரவு வந்தா, பழசைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு நானே உக்காந்து படிப்பேன். வரலைன்னா பழசுதான் போகும். என்னைத் தப்பா நினைக்காதீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏதாவது வில்லங்கமாம்மா?"

"பெரிய வில்லங்கம் சார்."

"அப்ப சீக்கிரம் அனுப்புங்க. ஆளைத் தயாரா வச்சிருக்கேன்."

சாயங்கால நெரிசல் தொடங்கிவிட்டது. சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று அனுதாபமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அதற்காவது வேகமாக ஓட்டட்டும் என்று.

கடையை அவள் எட்டு மாதமாகத் திரையில் பார்த்திருந்ததால், தெரு முனை திரும்பும்போதே தெரிந்தது. பலகை மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவள் ஷட்டரைத் தட்டியதும் மிஷின் சட்டென்று நின்றது. அப்புறம் சத்தமே இல்லை.

அந்த மௌனம் அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "நான் ஆணையத்துலேர்ந்து வரேன்மா. உங்க புகாரைப் பார்க்கிற அதிகாரி. பொம்பளைதான், தனியாத்தான் வந்திருக்கேன்" என்று குனிந்து சொன்னாள். புகார் எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னாள்.

எண்ணைக் கேட்ட பிறகுதான் உள்ளே நாற்காலி நகர்ந்தது.

தையல்காரம்மா திரையில் தெரிந்ததை விடச் சின்ன உருவம். கையில் பெரிய கத்தரிக்கோல். இவளைப் பார்த்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. கையோடு ஒட்டிப் போனது மாதிரி வைத்துக்கொண்டே நின்றாள்.

"என்ன மேடம்? தீர்ப்பை மாத்திட்டாங்களா?"

"இல்லம்மா. தீர்ப்பு உங்க பக்கம்தான். ஆனா இன்னிக்கு ராத்திரி அவங்க வாசிக்கப் போற வாசகத்துல ஒரு ஆபத்து இருக்கு."

சுருக்கத்தைப் படித்துக் காட்டினாள். பிறகு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, தன் போனில் தேடினால் என்ன வருகிறது என்பதையும் காட்டினாள். தன் முகத்தைத் தையல்காரம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதை எடுத்துட்டாங்கன்னு எழுதியிருந்தீங்களே."

"சேனல் எடுத்துட்டாங்க. இது வேற யாரோ போட்டது. அதை நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. அந்த வெப்சைட்காரங்களுக்குத் தனியா எழுதிப் போடணும். அதுக்கு உதவி பண்றேன். இப்ப ஒரு வழி, வாசிக்கிறதையே வேண்டாம்னு நிறுத்தச் சொல்லலாம். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா..."

"நிறுத்தாதீங்க."

"அம்மா..."

"நிறுத்தாதீங்க மேடம்." கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள். சத்தமாகத்தான் வைத்தாள். "அவன் அடிச்சப்போ ஊரே என்னைத்தான் வாயை மூடச் சொல்லிச்சு. இவங்க படம் பிடிச்சப்போ எனக்கு வெக்கம்னு சிரிச்சாங்க. நாங்க பண்ணது தப்புன்னு இது வரைக்கும் ஒருத்தரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்ல. ஒரே ஒரு தடவை யாராவது சொல்லிக் கேக்கணும். அதையும் அவனுக்குப் பயந்துக்கிட்டு நான் வேண்டாங்கணுமா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அலுவலக ஆள் அழக் கூடாது என்று பையில் பேனா தேடுவது போலக் குனிந்தாள்.

"சரி. வாசிக்கட்டும். எதை எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க."

வெட்டு மேஜையின் மேல், யாருக்கோ வெட்டி வைத்த ரவிக்கைத் துணியைத் தள்ளிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். தேதி போனது. தையல் கடை போனது. நிகழ்ச்சியின் பெயரில் நின்றார்கள். பெயரே இல்லாவிட்டால் யார் எதற்கு வருந்துகிறார்கள் என்றே தெரியாமல் போகும், தீர்ப்புக்கு மரியாதை இருக்காது என்றாள் அவள். பெயர் இருந்தால் தேட மாட்டார்களா என்றாள் தையல்காரம்மா. வருஷத்துக்கு முந்நூறு கடை காட்டுகிற நிகழ்ச்சி, தேதியும் தொழிலும் இல்லாவிட்டால் எதையென்று தேடுவார்கள்? நிகழ்ச்சியின் பெயர் மட்டும் இருக்கட்டும், பெண் என்பதுகூட வேண்டாம். தையல்காரம்மா உதட்டைக் கடித்து யோசித்து ஒத்துக்கொண்டாள். கடைசியில் மிஞ்சியது இதுதான்: எங்கள் 'வாங்க, கடைக்குப் போவோம்' நிகழ்ச்சியில் ஒருவரை, அவர் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியும் காட்டினோம். அது அவருடைய அந்தரங்கத்தை மீறிய செயல் என்று ஆணையம் முடிவு செய்துள்ளது.

"தெளிவாங்கிறதை எடுத்துடாதீங்க" என்றாள் தையல்காரம்மா. "நான் தெளிவாத்தான் சொன்னேன்."

கோரிக்கையை அவள் கையாலேயே எழுத வைத்து, கையெழுத்து வாங்கி, படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பினாள். வெளியே விளக்குப் போட்டுவிட்டார்கள். குழுத் தலைவி பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருப்பதாகத் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. இத்தனை பெரிய ஆணையத்தின் மானம் ஒரு கடைவாய்ப் பல்லில் தொங்குவதை நினைத்து வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ரூல்ஸ் மாமா ஒன்றன் பின் ஒன்றாகக் கேள்விக்குறிகள் அனுப்பிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா ஷட்டரின் அடியில் தெரிந்த கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்புப் போட்ட யாரோ ஒருவர் வாசலில் நின்று பீடி பற்ற வைத்துவிட்டு நகர்ந்து போகும் வரை இருவரும் மூச்சு விடவில்லை.

ஏழாக ஆறேழு நிமிஷம் இருக்கும்போது உத்தரவு வந்தது. குழுத் தலைவியின் ஒப்புதல், தலைவரின் கையெழுத்து, முத்திரை. அடுத்த நொடியே ரூல்ஸ் மாமாவுக்குத் தள்ளிவிட்டாள். 'கிடைத்தது' என்று ஒரு வார்த்தை பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. போட்டாரா, பழசே ஓடப்போகிறதா என்று தெரியவில்லை.

போனைத் துணிக்கட்டின் மேல் சாய்த்து வைத்துச் சேனலைப் போட்டாள். ஒரு பல்பொடி, ஒரு சிமென்ட், ஒரு மாப்பிள்ளைச் சட்டை. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. குரல் ரூல்ஸ் மாமாவுடையது. மூச்சு வாங்கியது, ஓடி வந்து உட்கார்ந்திருப்பார் போல. புது வாசகம்தான். தேதி இல்லை, தையல் இல்லை. 'தெளிவாக' என்பதை மனிதர் நிறுத்தி, அழுத்தி வாசித்தார்.

அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இல்லை. தொகுப்பாளினி சிரித்துக்கொண்டு வந்து எல்லோரையும் கடைக்குக் கூப்பிட்டாள்.

தையல்காரம்மா இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுதும்மா."

"இனிமே கையெழுத்து, கடுதாசி எதுவும் வராதே?"

"எதுவும் வராது. உங்க புகாரை மூடியாச்சு."

தையல்காரம்மா எழுந்தாள். வெட்டு மேஜையின் அடியில் கையை விட்டு இரண்டு பெரிய பைகளை இழுத்தாள். வாய்கள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கயிற்றின் மேல் தூசி படிந்திருந்தது.

"எங்கம்மா கெளம்பறீங்க?"

"எங்க அக்கா ஊருக்கு. ராத்திரி பஸ் இருக்கு. என் முகத்தைக் காட்டினாங்களே, அதுக்கு மறுநாளே கட்டி வச்சிட்டேன் மேடம். கேஸ் முடியட்டும்னுதான் இருந்தேன்."

"கேஸ் முடியறதுக்கும் நீங்க போறதுக்கும் என்னம்மா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? உங்க கடுதாசி எல்லாம் இந்த விலாசத்துக்குத்தானே வரும். நான் இடம் மாறிட்டா ஆள் இல்லன்னு கேஸைத் தள்ளிட மாட்டாங்களா? அதுக்குத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ராத்திரி எல்லாம் தூங்கறதில்ல. வாசல்ல யாராவது இருமினாகூட அவன்தான்னு நெனப்பேன்." ஏதோ கஷ்டமான பரீட்சையில் தேறிவிட்டவள் மாதிரி லேசாகச் சிரித்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. "ஏன் மேடம்? போயிருக்கலாமா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் தப்பிக்க அவளுக்கு அலுவலக வார்த்தைகள் நூறு தெரியும். முகவரி மாறினால் தெரிவிக்கவும் என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பியவளே இவள்தான். அதை இந்த நேரத்தில் சொல்லிக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"போயிருக்கலாம்மா. ஒரு போன் பண்ணிப் புது விலாசம் சொல்லியிருந்தா போதும்."

தையல்காரம்மா கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டினாள்.

"எட்டு மாசத்துல எத்தனை கடுதாசி போட்டீங்க" என்றாள் பிறகு. கோபம் கூட இல்லை அந்தக் குரலில். "எங்க இருக்கே, பத்திரமா இருக்கியான்னு ஒண்ணுலயாவது கேட்டிருக்கலாம்."

இவள் குனிந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டாள். தையல்காரம்மா மற்றதை எடுத்துக்கொண்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். பஸ் நிலையம் வரை இருவரும் நடந்தார்கள்.